இறந்ததா, துண்டிக்கப்பட்டதா?

ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் ஒன்றில் `ha-manager status` என்று தட்டினால், அதில் சேர்ந்திருக்கும் சர்வர்கள் ஒவ்வொன்றின் நிலவரமும் வரி வரியாகத் திரையில் வரும். அவற்றில் ஒன்று திடீரென்று பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டால், அதன் வரி இப்படி மாறியிருக்கும்:

```
lrm pve3 (old timestamp - dead?, Tue Mar  4 10:12:31 2025)
```

கடைசியாக வந்த சேதி பழசாகிவிட்டது, செத்துவிட்டதோ என்று மென்பொருளே கேட்கிறது. அந்தக் கேள்விக்குறி மிகச் சரியான இடத்தில் இருக்கிறது. பக்கத்து சர்வருக்கு அதற்குமேல் தெரிந்துகொள்ள வழியே இல்லை. pve3 மின்சாரம் போய் அணைந்திருக்கலாம். அல்லது அது நன்றாக ஓடிக்கொண்டிருக்க, நெட்வொர்க் கேபிள் மட்டும் கழன்றிருக்கலாம். வெளியே இருந்து பார்க்கும் pve1-க்கு இரண்டும் ஒரே மௌனம்தான். இந்த மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று ஓர் அலுவலகத்தின் பில்லிங், ஆஸ்பத்திரியின் நோயாளி பதிவு, கல்லூரியின் மதிப்பெண் கணக்கு எல்லாம் தனித்தனி கம்ப்யூட்டர்களில் ஓடுவது குறைந்துவிட்டது. ஒரு பெரிய சர்வருக்குள் பத்து, இருபது விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். அந்தப் பெரிய சர்வர் படுத்தால் இருபதும் சேர்ந்து படுத்துவிடுமே என்பதால், அப்படி மூன்று சர்வர்களை ஒன்றாகக் கட்டி கிளஸ்டர் ஆக்குகிறார்கள். விர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்க் எந்த சர்வருக்குள்ளும் இருக்காது. மூன்றும் எட்டக்கூடிய பொதுச் சேமிப்பில் இருக்கும். ஒரு சர்வர் விழுந்தால், அதில் ஓடிய மெஷின்களை மற்ற இரண்டும் அதே டிஸ்க்கிலிருந்து தூக்கி நிறுத்தும். இதற்குத்தான் ஹை அவைலபிலிட்டி என்று பெயர். வியன்னாவில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ் இதை இலவசமாகவே தருவதால், சிறிய நிறுவனங்கள்கூட இன்று இதை அமைத்துக்கொள்கின்றன. எடுத்துக்காட்டுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். pve1, pve2, pve3 என்று மூன்று சர்வர்கள். pve3-இல் 105 என்ற எண்ணுள்ள விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது. அதற்குள் பில்லிங் டேட்டாபேஸ் இருக்கிறது.

தவறாக முடிவெடுத்தால்

pve3 மௌனமானதும் pve1 அவசரப்பட்டு, அது செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு 105-ஐத் தானே தொடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் pve3-இல் கழன்றது சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் கேபிள் மட்டும். சேமிப்புக்குப் போகும் கேபிள் வேறு, அது நலமாக இருக்கிறது. இப்போது 105 இரண்டு இடத்தில் ஓடுகிறது. இரண்டும் ஒரே டிஸ்க்கில் எழுதுகின்றன. இதைத்தான் ஸ்ப்ளிட் பிரெய்ன் என்கிறார்கள்.

ஒரே பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல், ஆளுக்கொரு நேரம் வந்து எழுதுவதுபோல என்று நினைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் காலி என்பதை ஒவ்வொருவரும் காலையில் ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொள்கிறார். அதன்பின் பேரேட்டைத் திரும்பப் பார்ப்பதில்லை, மனக்கணக்கை நம்பி எழுதுகிறார். டிஸ்க்கிலும் அச்சாக இதுதான் நடக்கிறது. லினக்ஸில் பரவலாக இருக்கும் ext4 போன்ற கோப்பு அமைப்பு, டிஸ்க்கின் எந்தக் கட்டம் காலி என்ற வரைபடத்தை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, அந்த நகலை நம்பியே வேலை செய்கிறது. தன்னைத் தவிர வேறு யாரும் இந்த டிஸ்க்கைத் தொடமாட்டார்கள் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. pve3-இல் ஓடும் 105 ஒரு காலிக் கட்டத்தை இன்றைய பில்லுக்கு ஒதுக்குகிறது. pve1-இல் ஓடும் 105 அதே கட்டத்தை ஏதோ ஒரு லாக் கோப்புக்கு ஒதுக்குகிறது. யார் கடைசியாக எழுதினாரோ அவர் எழுதியது நிற்கும். மற்றது போனது போனதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் எந்த மணியும் அடிக்காது. இரண்டு மெஷின்களுமே தங்கள் மனக்கணக்கின்படி சரியாகத்தான் இயங்கிக்கொண்டிருக்கும். கூர்ந்து பார்ப்பவருக்கு ஒரு தடயம் கிடைக்கலாம். ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்களில் மாறி மாறித் தெரிகிறது என்று நெட்வொர்க் சுவிட்சின் லாக்கில் எச்சரிக்கை வரும். பில்லிங்கில் உட்கார்ந்திருப்பவர், சற்றுமுன் போட்ட பில்லைக் காணவில்லை என்பார், கொஞ்ச நேரம் கழித்து வந்துவிட்டது என்பார். மெஷினுக்குள் `Structure needs cleaning` என்ற பிழை தலைகாட்டும்போது சேதம் நடந்து வெகுநேரம் ஆகியிருக்கும். சில நாட்கள் கழித்துத்தான் கண்டுபிடித்தீர்கள் என்றால், இடையில் எடுத்த பேக்கப்களிலும் அந்தச் சேதம் ஏறியிருக்கும். பில்லிங் அரை மணி நேரம் நின்றால் வாடிக்கையாளர் கோபப்படுவார், அவ்வளவுதான். டேட்டாபேஸ் இப்படிக் கலங்கினால் அதைப் பிரித்தெடுக்க வழியே கிடையாது. கிளஸ்டரைப் பற்றி இனி நான் சொல்லப்போகும் எல்லா மெத்தனத்துக்கும், எல்லாக் காத்திருப்புக்கும் இதுதான் காரணம்.

பாதிக்கு மேல்

முதல் தடுப்பு கோரம். பஞ்சாயத்துக் கூட்டத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்கும் அதே கோரம்தான். சர்வருக்கு ஒரு வாக்கு. மொத்த வாக்கில் பாதிக்கு மேல் யார் பக்கம் இருக்கிறதோ, அவர்கள்தான் முடிவெடுக்கலாம். மூன்று சர்வர் என்றால் இரண்டு வாக்கு வேண்டும். கிளஸ்டர் எப்படிப் பிளந்தாலும் இரண்டு துண்டுக்கும் ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் கிடைக்காது. கணக்கு அவ்வளவு எளிமையானது, அதனால்தான் அதை நம்ப முடிகிறது. நான்கு சர்வர் இருந்தால் மூன்று வாக்கு வேண்டும். ஆகவே மூன்றிலும் ஒரு சர்வர் விழுவதைத்தான் தாங்கும், நான்கிலும் ஒன்றைத்தான் தாங்கும். நான்காவதை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

வாக்கெடுப்பை நடத்துவது கோரோசிங்க் என்ற மென்பொருள். சர்வர்களுக்கிடையே ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டே இருக்கும். கோரோசிங்க் 3-இன் இயல்பான அமைப்பில், மூன்று சர்வர் கிளஸ்டருக்கு, டோக்கன் 3.65 விநாடி வராவிட்டால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, மீதி இருப்பவர்கள் யார் யார் என்று புதிதாகக் கணக்கெடுப்பார்கள். அடுத்த சில விநாடிகளில் pve1-உம் pve2-உம் 'நாம் இருவர், கோரம் இருக்கிறது' என்று முடிவுக்கு வந்துவிடும். தனித்து நிற்கும் pve3-உம் இதையே செய்து, தன்னிடம் ஒரு வாக்குதான் என்று தெரிந்துகொள்ளும். அதில் `pvecm status` பார்த்தால் கோரம் வரிக்குப் பக்கத்தில் `Activity blocked` என்று நிற்கும்.

அங்கே எதைத் தடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு விர்ச்சுவல் மெஷின் எந்த சர்வருக்குச் சொந்தம் என்பதை ஒரேயொரு கோப்பு இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. 105-இன் கோப்பு இப்போது இங்கே இருக்கிறது:

```
/etc/pve/nodes/pve3/qemu-server/105.conf
```

இதே கோப்பு pve1-இன் கோப்புறைக்கு நகர்ந்தால் 105 இனி pve1-க்குச் சொந்தம். இந்த `/etc/pve` முழுவதும் மூன்று சர்வர்களுக்கும் பொதுவாகப் பிரதியெடுக்கப்படும். கோரம் இழந்த சர்வரில் இது படிக்க மட்டும் என்று மாறிவிடும். அங்கே எதையும் நகர்த்த முடியாது, எந்த மெஷினையும் புதிதாகத் தொடங்க முடியாது.

ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள்? அவை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பலர் கோட்டைவிடும் இடம் இது. 'கோரம் இருக்கிறது, அதனால் ஸ்ப்ளிட் பிரெய்ன் வராது' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோரம் என்பது பெரும்பான்மைக்குத் தரப்படும் அனுமதி. சிறுபான்மைப் பக்கத்தில் இருக்கும் 105-இன் கையை அது பிடிப்பதில்லை. அந்த 105 தன் சேமிப்புக் கேபிள் வழியே எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. கோரம் கிடைத்த pve1 அந்த நொடியே 105-ஐத் தொடங்கினால், முன்னே சொன்ன பேரேட்டு விபத்து அப்படியே நடக்கும், இம்முறை முறைப்படி வாக்கெடுத்து நடக்கும். pve3 எழுதுவதை நிறுத்திவிட்டது என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது வேலைதான் ஃபென்சிங்.

இரண்டு நிமிடக் காத்திருப்பு

தொடர்பே இல்லாத ஒரு சர்வரை எப்படி நிறுத்துவது? ப்ராக்ஸ்மாக்ஸ் தேர்ந்தெடுத்த வழி, அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது. ஒவ்வொரு சர்வரிலும் வாட்ச்டாக் என்ற ஒரு கடிகாரம் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டிருக்கும். 'நான் கோரத்தில் இருக்கிறேன், நலம்' என்று உள்ளே இருக்கும் மென்பொருள் அவ்வப்போது அந்த எண்ணிக்கையைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பத் தவறினால் கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும், சர்வர் பட்டென்று ரீசெட் ஆகும். முறையான ஷட்டவுன் எல்லாம் கிடையாது. மின்சாரத்தைப் பிடுங்கினதுபோல.

மறுபக்கத்தில், ஒவ்வொரு சர்வரும் பொது இடத்தில் தன் பெயரில் ஒரு பூட்டு வைத்திருக்கும். pve3-இன் பூட்டின் பெயர் `ha_agent_pve3_lock`. அதைத் தொடர்ந்து புதுப்பித்துவர வேண்டும். புதுப்பிக்காமல் 120 விநாடி போனால் பூட்டு காலாவதியாகி, மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கோரம் இல்லாத சர்வரால் புதுப்பிக்க முடியாது, ஏனென்றால் `/etc/pve` அங்கே எழுத விடாது.

இப்போது pve3-இன் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். பத்து விநாடிக்குள் pve3 கோரத்தை இழந்துவிடுகிறது, பூட்டைப் புதுப்பிக்க முடியாமல் தடுமாறுகிறது, வாட்ச்டாகுக்குச் சேதி சொல்வதையும் நிறுத்துகிறது. கடைசிச் சேதியிலிருந்து 60 விநாடி ஆனதும் அதன் லாக்கில் இந்த வரி விழும்:

```
watchdog-mux: client watchdog expired - disable watchdog updates
```

அதிலிருந்து ஏறத்தாழ 10 விநாடியில் சர்வர் ரீசெட் ஆகிவிடும். அந்த நேரமெல்லாம் pve1 கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. pve3 ரீசெட் ஆனது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. 120 விநாடி முடிந்து பூட்டு காலாவதியான பிறகுதான் அதை எடுக்கிறது. pve1-இன் லாக்கில் அப்போது வரும் வரிதான் எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் பிடித்தது:

```
fencing: acknowledged - got agent lock for node 'pve3'
```

இந்தப் பூட்டு என் கைக்கு வந்திருக்கிறது என்றால் pve3 எப்போதோ தன்னை நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று நேரக் கணக்கை வைத்தே அது முடிவுக்கு வருகிறது. 70-க்கும் 120-க்கும் இடையே இருக்கும் ஏறக்குறைய ஐம்பது விநாடிதான் பாதுகாப்பு இடைவெளி. அடுத்த நொடி `105.conf` pve1-இன் கோப்புறைக்கு நகர்கிறது, 105 அங்கே எழுகிறது. பாதியில் மின்சாரம் போன கம்ப்யூட்டர் எப்படி எழுமோ அப்படித்தான் எழும். கோப்பு அமைப்பும் டேட்டாபேஸும் அந்த மாதிரி அதிர்ச்சியைத் தாங்கவே வடிவமைக்கப்பட்டவை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதுவதைத் தாங்கத்தான் அவற்றுக்குத் தெரியாது.

ரீசெட் ஆன pve3 மறுபடி எழும்போதும் கேபிள் கழன்றே இருந்தால், கோரம் இல்லாததால் எதையும் தொடங்காமல் காத்திருக்கும். ஹை அவைலபிலிட்டி பட்டியலில் எந்த மெஷினும் சேர்க்கப்படாத கிளஸ்டரில் இந்த ரீசெட் நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே யாரும் தானாக எதையும் வேறிடத்தில் தொடங்கப் போவதில்லை, அதனால் யாரையும் நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை.

'இரண்டு நிமிடம் ரொம்ப அதிகம், குறைக்க முடியாதா' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணைச் சுருக்கினால் பாதுகாப்பு இடைவெளிதான் சுருங்கும். ஆகவே கை வைக்காதீர்கள். கை வைக்க வேண்டிய இடம் வேறு. வாட்ச்டாக் கடிகாரம் இரண்டு வகை. எதையும் அமைக்காவிட்டால் `softdog` என்ற, லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே ஓடும் மென்பொருள் கடிகாரம் பயன்படும். கர்னல் முழுவதும் உறைந்துபோனால் அந்தக் கடிகாரமும் சேர்ந்து உறையும். உறைந்தது சில நிமிடம் கழித்து விழித்தால், ரீசெட் ஆவதற்குள் கையில் பாக்கி இருந்ததை டிஸ்க்கில் எழுதிவிடாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சர்வரின் மதர்போர்டிலேயே இருக்கும் வன்பொருள் வாட்ச்டாக் கர்னலை நம்பி இல்லை. பெரும்பாலான சர்வர்களில் அது இருக்கிறது. `/etc/default/pve-ha-manager` கோப்பில் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். இருந்தும் பயன்படுத்தாமல் விடுவது வருத்தமான விஷயம்.

வெளியிலிருந்து சுடுவது

எல்லாக் கிளஸ்டர்களும் இப்படித் தற்கட்டுப்பாட்டை நம்புவதில்லை. பேஸ்மேக்கர் என்ற பழைய, பலம் வாய்ந்த மென்பொருளை நம்பி நடப்பவர்கள் பக்கத்து சர்வரின் மின்சாரத்தையே வெளியிலிருந்து துண்டிப்பார்கள். அதற்கு ஸ்டோனித் என்று பெயர். மற்றவனைத் தலையில் சுடு என்று பொருள் தரும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. சர்வருக்குள் மேலாண்மைக்கென்று ஒரு சின்னத் தனிக் கம்ப்யூட்டர் உண்டு. அதற்கு நெட்வொர்க் வழியே 'பவரை அணை' என்று கட்டளை போகும். அணைத்துவிட்டேன் என்று பதில் வந்தால்தான் மெஷின்களை இந்தப் பக்கம் தொடங்குவார்கள். நேரக் கணக்கை நம்பாமல் நேரடி உறுதி கிடைக்கிறது, அதுவும் சில விநாடிகளில்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் அதே சர்வரின் பவர் சப்ளையில்தான் ஓடுகிறது. சர்வருக்கு மின்சாரமே போய்விட்டால் அதுவும் பதில் சொல்லாது. பதில் வராதவரை பேஸ்மேக்கர் எதையும் தொடங்காது. அதாவது உண்மையாகவே செத்துப்போன சர்வர்தான், செத்ததை உறுதிப்படுத்த முடியாமல் எல்லோரையும் காக்க வைக்கும். தொலைவிலிருந்து அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப்பை இரண்டாவது வழியாக வைத்திருப்பவர்கள் இதிலிருந்து தப்பிக்கிறார்கள்.

இன்னொரு பொறியை 2012 டிசம்பர் 22 அன்று கிட்ஹப் நிறுவனம் சந்தித்து, பின்னர் தானே விரிவாக எழுதி வெளியிட்டது. விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் சர்வர்கள் அல்ல அவை, புரோகிராமர்களின் கோப்புகளை வைத்திருக்கும் சர்வர்கள், இரண்டிரண்டாக ஜோடி கட்டப்பட்டவை. ஆனால் நோய் ஒன்றுதான். சுவிட்ச் பராமரிப்பின்போது நெட்வொர்க் ஒன்றரை நிமிடம் அளவுக்கு ஸ்தம்பித்தது. ஜோடியில் இருந்த இருவருமே மற்றவர் செத்துவிட்டார் என்று எண்ணிச் சுடச் சொல்லிக் கட்டளை அனுப்பினார்கள். நெட்வொர்க் திரும்பியதும் கட்டளைகள் போய்ச் சேர்ந்தன. சில ஜோடிகளில் இருவருமே அணைந்தார்கள். எந்த சர்வரில் இருந்தது கடைசியான, சரியான பிரதி என்று ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. இருவர் மட்டும் இருக்கும் ஜோடியில், ஒருவர் சுடுவதற்கு முன் சில விநாடி தாமதிக்க வேண்டும் என்று அமைப்பது இதற்காகத்தான். மற்றவர் முந்திக்கொள்வார், ஒருவராவது மிஞ்சுவார்.

விஎம்வேர் இன்னொரு வழியைச் சேர்த்துக்கொண்டது. நெட்வொர்க் வழியே மட்டும் இல்லாமல், பொதுச் சேமிப்பிலும் ஒவ்வொரு சர்வரும் துடிப்பைப் பதிந்துகொண்டே இருக்கும். கேபிள் கழன்ற சர்வரின் துடிப்பு டிஸ்க்கில் தெரிந்தால், அது உயிரோடுதான் இருக்கிறது என்று மற்றவர்களுக்குப் புரியும். மெஷினின் கோப்புகளும் ஓட்டும் சர்வரின் பெயரில் பூட்டப்பட்டிருக்கும்.

இரண்டே சர்வர் இருந்தால்

பட்ஜெட் காரணமாகப் பலர் இரண்டு சர்வரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டில் பாதிக்கு மேல் என்றால் இரண்டும்தான். ஆகவே ஒன்று விழுந்தால் மற்றதும் கோரம் இழக்கும். ஒற்றை சர்வர் வைத்திருந்ததைவிட மோசமான நிலை இது. இதற்கு மாற்றாக, மூன்றாவது வாக்கை மட்டும் தருவதற்கு ஒரு சிறிய கம்ப்யூட்டரை வைக்கலாம். அதில் `corosync-qnetd` என்ற சிறு புரோகிராம் ஓடினால் போதும். விர்ச்சுவல் மெஷின் எதையும் அது தாங்க வேண்டியதில்லை, பழைய மேஜைக் கம்ப்யூட்டர்கூடப் போதும். இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போனால், இரண்டும் இந்த மூன்றாவதிடம் வந்து நிற்கும். அது தன் ஒரே வாக்கை இரண்டில் ஒருவருக்கு மட்டும் தரும்.

இந்த வாக்காளரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே கிளஸ்டரின் pve1-க்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக அதை ஓட்டினால், pve1 விழும்போது இரண்டு வாக்குகள் சேர்ந்து போகும். வைத்ததன் நோக்கமே பாழ். இன்னொன்று, ஏற்கெனவே மூன்று சர்வர் இருக்கும் இடத்தில் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து இதைச் சேர்க்காதீர்கள். சர்வர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், இதற்கு ஒன்று குறைவான எண்ணிக்கையில், அதாவது இரண்டு வாக்குகள் தரப்படும். மொத்தம் ஐந்து, வேண்டியது மூன்று. அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பழுதானால், மூன்று சர்வர்களில் ஒன்றுகூட விழக்கூடாது என்ற நிலை வந்துவிடும்.

மூன்றும் ஒரே நேரத்தில் ரீசெட் ஆன இரவு

ஃபென்சிங் அமைத்த பிறகு வரும் புகார்களில் மிகவும் பழகிய ஒன்று இது: 'ராத்திரி பேக்கப் ஓடும்போது மூன்று சர்வரும் தானாக ரீசெட் ஆகிவிடுகின்றன.' வன்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து மெமரியை மாற்றுவார்கள், பவர் சப்ளையை மாற்றுவார்கள். காரணம் பெரும்பாலும் கேபிளில் இருக்கும். கோரோசிங்கின் டோக்கனுக்கு அகலமான பாதை தேவையில்லை, தாமதமில்லாத பாதைதான் தேவை. ஐந்து மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறது ப்ராக்ஸ்மாக்ஸின் கையேடு. பேக்கப்பும் டோக்கனும் ஒரே கேபிளில் போனால், நூற்றுக்கணக்கான ஜிகாபைட் பேக்கப்புக்குப் பின்னால் டோக்கன் வரிசையில் நிற்கும். 3.65 விநாடி தாண்டும். மூன்று சர்வர்களும் ஒன்றையொன்று இழக்கும். ஒவ்வொன்றும் ஒற்றை வாக்கோடு நிற்கும். இப்படி ஒரு நிமிடம் நீடித்தால் மூன்று வாட்ச்டாகும் தங்கள் கடமையைச் சரியாகச் செய்துவிடும்.

வன்பொருள் பழுதா, இதுவா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. ரீசெட் ஆவதற்கு முந்தைய நிமிடத்தின் லாக்கைப் பாருங்கள். `KNET` என்று தொடங்கி லிங்க் விழுந்தது, எழுந்தது என்று வரிகள் குவிந்திருக்கும், `node lost quorum` என்று இருக்கும், கடைசியில் மேலே காட்டிய வாட்ச்டாக் வரி இருக்கும். மெமரி பழுதில் இந்த வரிசை வராது. மூன்று சர்வர்களின் லாக்கிலும் நேரம் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். தீர்வும் மலிவானது. கோரோசிங்குக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க் போர்ட், தனியாக ஒரு சாதாரண சுவிட்ச். அதோடு இரண்டாவது லிங்காகப் பழைய பாதையையும் சேர்த்துவிட்டால் ஒன்று திணறும்போது மற்றது தாங்கும். ஒரு ஜிகாபிட் போர்ட் இதற்குத் தாராளம்.

கையால் கோரம் தருவது

இத்தனை தடுப்பையும் ஒரே வரியில் தாண்டிவிட ஒரு கட்டளை இருக்கிறது: `pvecm expected 1`. இனி மொத்தமே ஒரு வாக்குதான் என்று எண்ணிக்கொள் என்று சர்வரிடம் சொல்வது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியமும் இதுதான்.

கேபிள் கழன்ற அந்த pve3-க்கே திரும்புவோம். வாட்ச்டாக் அதை ரீசெட் செய்துவிட்டது. எழுந்து, கோரம் இல்லாமல் காத்திருக்கிறது. நிர்வாகி அதன் கீபோர்டின் முன்னால் வந்து உட்காருகிறார். 105 ஓடவில்லை என்று பார்க்கிறார், பதறுகிறார். மற்ற இரண்டையும் பிங் செய்கிறார், பதில் இல்லை. அவை இரண்டும் போய்விட்டன என்று முடிவுகட்டி `pvecm expected 1` என்று தட்டுகிறார். pve3-க்குக் கோரம் வந்துவிடுகிறது. அதனிடம் இருப்பது `/etc/pve`-இன் பழைய பிரதி. அதில் `105.conf` இன்னும் pve3-இன் கோப்புறையில்தான் இருக்கிறது. சொந்த மெஷின்தானே என்று 105-ஐத் தொடங்குகிறது. அந்தப் பக்கம் pve1-இல் 105 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் காத்திருந்து தவிர்த்த விபத்து, ஒரு வரியில் நடந்துவிடுகிறது.

இந்தக் கட்டளைக்கு நியாயமான இடமும் உண்டு. யூபிஎஸ் பழுதாகி இரண்டு சர்வர்கள் உண்மையாகவே போய்விட்டன, ஒன்றுதான் மிச்சம், ஆஸ்பத்திரி காத்திருக்கிறது என்றால் வேறு வழி இல்லை. அப்போது பிங்கை நம்பக்கூடாது. சர்வர் அறைக்கு நடந்து போய், மற்ற இரண்டின் விளக்குகளைக் கண்ணால் பார்த்து, இரண்டின் பவர் கேபிள்களையும் கையால் கழற்றி வைத்துவிட வேண்டும். இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரென்றால் இரண்டையும். மிச்சமிருக்கும் சர்வரில் `pvecm status` கொடுத்து எத்தனை வாக்கு என்று பார்த்துக்கொண்டு, பிறகு கட்டளையைத் தரலாம். பழுது சரியாகி மற்ற இரண்டும் கிளஸ்டரில் சேரும்போது, எதிர்பார்க்கும் வாக்கு எண்ணிக்கை தானாகவே மூன்றுக்கு ஏறிவிடும். அதைக் கையால் திருப்பி மாற்ற வேண்டியதில்லை.